கண்ணில் வளர்ந்த சதை: எடுத்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: "அம்மாவுக்கு 44 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. வலது கண்ணில் மூக்குப் பக்கம் சதை வளர்ந்து, போன வருடம் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் எடுத்தோம். தையல் எதுவும் போடவில்லை, கால் மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சிவப்பாக இருக்கிறது. வெயிலால் வருவது என்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி என்ன வெயில்? இன்னொரு டாக்டர் மறுபடி ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். செய்தால் மறுபடியும் வருமா?"

வெயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உடம்புக்குச் சூடாகத் தெரிவது வேறு, கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக்கதிர் வேறு. குளிர்காற்று அந்தக் கதிரைக் குறைப்பதில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் அது ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆக, மேலே குளிராக இருந்தாலும் கண்ணுக்கு வந்து சேரும் கதிர் சேலத்தைவிடக் கொஞ்சம் அதிகமே தவிரக் குறைவில்லை. மெல்லிய மேகமும் அதில் பெரும்பகுதியைக் கீழே வர விட்டுவிடும். சில்வர் ஓக் மர நிழலில் பழம் பறிக்கும் நேரம் ஓரளவு பாதுகாப்பானது. அதே பழத்தைச் சிமென்ட் களத்தில் கொட்டி, நாள் முழுக்கக் கிளறிவிடும் வேலை அப்படியல்ல. மேலேயும் திறந்தவெளி, கீழே இருந்தும் எதிரொளி. புல்தரை புற ஊதாக்கதிரைச் சொற்பமாகத்தான் திருப்பி அனுப்பும், சிமென்ட் தளம் அதைவிடப் பல மடங்கு அனுப்பும். பல வருடம் இப்படி வேலை பார்த்தவருக்கு இந்தச் சதை வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வருகிறது என்பதற்கும் ஒரு நல்ல விளக்கம் உண்டு. காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி, வளைந்த கருவிழிக்குள் நுழைந்து, குறுக்கே போய், எதிர்ப்புறமான மூக்குப் பக்க ஓரத்தில் குவிகிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கோரோனியோ 1993-இல் இதை முன்வைத்தார். குவியும் இடத்தில் ஒளியின் செறிவு சுமார் இருபது மடங்கு வரை போகலாம் என்பது அவர் குழுவின் கணக்கு. மூக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒளியை மூக்கே மறைத்துவிடுவதால் காதுப் பக்க ஓரம் தப்பித்துவிடுகிறது. இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணைக் கெடுப்பது பக்கவாட்டில் வரும் ஒளி என்றால், முன்பக்கம் மட்டும் மறைக்கும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பாதி வேலைதான் செய்யும். கண்ணாடி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கருவிழியும் வெள்ளை முழியும் சேரும் அந்த ஓரத்தில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. வெள்ளை முழியைப் போர்த்தியிருக்கும் சவ்வு தன் எல்லையைத் தாண்டிக் கருவிழி மேல் ஏறாமல் தடுப்பதும் அவைதான். பல வருடக் கதிரில் அந்த வேலி சிதைந்ததும், சவ்வும் அதற்கு அடியில் இருக்கும் நார்த்திசுவும் ரத்தக்குழாய்களைக் கூட்டிக்கொண்டு முக்கோணமாகக் கருவிழிக்குள் நகர்கின்றன. புற ஊதாக்கதிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பில் சந்தேகம் இல்லை. தூசு, அடுப்புப் புகை, கண் உலர்வு ஆகியவை எரிச்சலைக் கூட்டும், சிவப்பைக் கூட்டும். ஆனால் அவை மட்டுமே இந்தச் சதையை உண்டாக்குமா என்பது அவ்வளவு உறுதியாக நிறுவப்பட்ட விஷயம் இல்லை. சில குடும்பங்களில் அதிகம் வருகிறது என்பதும் உண்மை.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருவோம். முதல் தடவை வெயிலால் வந்தது. ஐந்து மாதத்தில் திரும்பி வந்ததற்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல. பல வருடம் எடுத்துக்கொண்டு வளர்ந்த ஒன்று ஐந்து மாதத்தில் அதே அளவுக்கு வருகிறது என்றால், அது புதிதாக உண்டான நோய் இல்லை. வெட்டிய காயம் ஆறும் விதத்தில் கோளாறு. முதலில் வந்த சதையும் திரும்பி வரும் சதையும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. இரண்டாவதில் தழும்புத் திசு அதிகம், ரத்த ஓட்டம் அதிகம், அடியோடு ஒட்டிப் பிடித்திருக்கும். முன்பைவிடச் சிவப்பு என்று நீங்கள் சொல்வது அதனால்தான்.

இந்தச் சதையை எடுப்பது கஷ்டமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கருவிழி மேலிருக்கும் தலைப்பகுதியை உரித்து, வெள்ளைப் பகுதியில் இருக்கும் உடலை வெட்டி எடுத்தால் பத்து நிமிடத்தில் கண் சுத்தமாகத் தெரியும். கேள்வி அதற்கு அப்புறம்தான்: சதை இருந்த இடத்தில் இப்போது சவ்வில்லாமல் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிகிறதே, அதை என்ன செய்வது? பழைய முறையில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். 'பேர் ஸ்க்லீரா' என்று அதற்குப் பெயர். நேரம் குறைவு, செலவு குறைவு, தையல் இல்லை. ஆனால் சுற்றிலும் வெட்டுப்பட்ட ஓரங்களிலிருந்து அழற்சியோடு கூடிய திசு அந்தத் திறந்த இடத்தை மூட ஓடிவருகிறது. கருவிழி ஓரத்தில் வேலியோ ஏற்கெனவே இல்லை. மூடிய கையோடு நிற்காமல் உள்ளே ஏறிவிடுகிறது. இந்த முறையில் திரும்பி வரும் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. குறைந்தது நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல்.

மாற்று முறையில், அதே கண்ணின் மேல் இமைக்குள் மறைந்திருக்கும் வெயில் படாத சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து இந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். கென்யன் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட தொடரில், கடினமான, ஏற்கெனவே திரும்பி வந்த சதைகளையும் சேர்த்து, மறுபடி வந்தது சுமார் 5 சதவீதம். பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே விளைவு கிடைக்கவில்லை. சிலருக்கு இரண்டு சதவீதம், சிலருக்கு முப்பதைத் தாண்டியது. ஒரே பெயருள்ள அறுவையில் இவ்வளவு வித்தியாசம் எப்படி? ஒட்டுத் துண்டு எவ்வளவு பெரிது, எவ்வளவு மெல்லியது, அடியிலிருக்கும் நார்த்திசுவை எவ்வளவு தூரம் சுத்தமாக எடுத்தார்கள் என்பவற்றில்தான் எல்லாமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லாரன்ஸ் ஹர்ஸ்ட் மிகப் பரந்த இடத்தில் நார்த்திசுவை எடுத்து, மிகப் பெரிய ஒட்டு வைத்து, ஆயிரம் கண்களில் ஒன்றில் மட்டுமே திரும்பி வந்ததாக வெளியிட்டார். அவர் முறைக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும், எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. 'இந்தச் சதை என்றாலே திரும்ப வரும்' என்று கைவிரிப்பது சரியில்லை.

அம்மாவுக்கு முதலில் எது செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. தையல் இல்லை என்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒட்டை ஃபைப்ரின் பசையாலும் ஒட்டலாம், அந்த இடத்தில் கசியும் நோயாளியின் சொந்த ரத்தத்தாலும் ஒட்டலாம். இரண்டிலும் தையல் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'கான்ஜங்டைவல் ஆட்டோகிராஃப்ட்' என்றோ 'சிஏஜி' என்றோ இருந்தால் ஒட்டு வைத்திருக்கிறார்கள். 'எக்சிஷன்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வைக்கவில்லை. 'ஏஎம்டி' என்றிருந்தால் பனிக்குடச் சவ்வை வைத்திருக்கிறார்கள். அதுவும் வெறுமனே விடுவதைவிட நல்லது, ஆனால் சொந்தச் சவ்வு அளவுக்குத் தடுப்பதில்லை. சம்மரி தொலைந்துவிட்டால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: ஆபரேஷன் நடக்கும்போது 'கீழே பாருங்கம்மா, கால் பக்கம் பாருங்க' என்று ரொம்ப நேரம் வைத்திருந்தார்களா? மேல் சவ்விலிருந்து துண்டு எடுக்க நோயாளி கீழே பார்த்தாக வேண்டும். கண் அசையாதபடி பக்கவாட்டில் பெரிய ஊசி போட்டிருந்தால் இந்த அடையாளம் பயன்படாது. மொத்தமே கால் மணி நேரம், அதில் கீழே பார்க்கச் சொல்லவும் இல்லை என்றால், இடத்தை வெறுமனே விட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அப்படியானால் அது ஒருவகையில் நல்ல செய்தி. மேல் சவ்வு இன்னும் கைபடாமல் இருக்கிறது, இரண்டாவது அறுவைக்கு நல்ல ஒட்டுத் துண்டு கிடைக்கும்.

அடுத்து, மறுபடி செய்துதான் ஆக வேண்டுமா? திரும்பி வந்துவிட்டது என்பது மட்டுமே போதுமான காரணம் இல்லை என்பது என் கருத்து. கருவிழி ஓரத்திலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கருவிழியின் அகலமே சுமார் 12 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மில்லிமீட்டரில் நின்றுபோயிருந்தால், சிவப்பும் உறுத்தலும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் அடங்கினால், பார்வை தெளிவாக இருந்தால், தொடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். மூன்று மில்லிமீட்டரை நெருங்கினால் கதை மாறுகிறது. சதை கருவிழியைத் தட்டையாக்கி, கண்ணாடி போட்டாலும் சரியாகத் திருத்த முடியாத சிலிண்டர் பவரை உண்டாக்கும். இன்னும் உள்ளே போய்க் கண்பாப்பாவை நெருங்கிவிட்டால், பிறகு எடுத்தாலும் அந்த இடத்தில் தழும்பு நிற்கும். கண் அசைவையும் பாருங்கள். அம்மாவைத் தலையைத் திருப்பாமல் வலது காதுப் பக்கம் உங்கள் விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இரண்டாகத் தெரிந்தாலோ, வலது கண் கடைசி வரை போகாமல் பாதியில் நின்றாலோ, மூக்குப் பக்கத் தழும்பு கண்ணைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் அறுவை தேவைப்படும், அது சுலபமான அறுவையும் இல்லை.

செய்வதென்றால் நேரம் முக்கியம். சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணில் அவசரமாகக் கைவைத்தால் மூன்றாவது தடவைக்கு வழி செய்துகொடுத்ததாகிவிடும். முதல் அறுவைக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதமாவது கடந்து, சிவப்பு தணிந்து, வளர்ச்சி ஓரளவு நின்ற பிறகு செய்வது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம் எப்படியும் ஆகியிருக்கும். சிவப்பு தணியவில்லை என்றால் மருத்துவர் சில வாரம் சொட்டு மருந்து கொடுத்து அடக்கிவிட்டுச் செய்வார். இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். அறுபது வயதுக்காரரைவிட நாற்பதுகளில் இருப்பவருக்கும், மெலிந்த சதையைவிடத் தடித்த சதைக்கும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சதைக்கு அடியில் வெள்ளை முழியின் சிறு ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தால் அது மெலிந்த வகை. எதுவுமே தெரியாமல் மாமிசம்போல மறைத்தால் தடித்த வகை.

இரண்டாவது அறுவையில் நடக்க வேண்டியது இது. சதையின் தலையைக் கருவிழியிலிருந்து உரித்து, அந்த மேற்பரப்பை மழமழவென்று ஆக்குவார்கள். பிறகு, சவ்வுக்கு அடியில் மூக்குப் பக்கம் பரவியிருக்கும் தழும்பு நார்த்திசுவை, கண்ணை உள்பக்கம் இழுக்கும் தசைக்குச் சேதம் வராமல் பிரித்து எடுப்பார்கள். நேரம் போவது இந்தக் கட்டத்தில்தான், அறுவையின் தலையெழுத்தும் இங்கேதான். பிறகு காலி இடத்தை அளவுகோலால் அளப்பார்கள். ஆறுக்கு எட்டு மில்லிமீட்டர் இருந்தால், மேல் சவ்வில் இரு பக்கமும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் குறித்து எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒட்டு சுருங்கும். எடுக்கும் துண்டு வெங்காயத்தின் உள்தோல்போல மெல்லியதாக, அடியில் நார்த்திசு ஒட்டாமல் இருக்க வேண்டும். தடிமனாக எடுத்தால் பிறகு வீங்கும், சுருங்கும், ஓரம் பின்வாங்கும். துண்டின் கருவிழி ஓரப் பக்கம் புதிய இடத்திலும் கருவிழி ஓரத்திலேயே வர வேண்டும். திரும்பி வந்த சதைக்கு, அந்த ஓரத்தின் ஸ்டெம் செல்கள் கொஞ்சம் சேர்ந்து வரும்படி எடுப்பதும் உண்டு. மெல்லிய துண்டு உருட்டிக்கொண்டு தலைகீழாகத் திரும்பிவிடக்கூடும், அதனால் மேல்பக்கத்தில் மையால் புள்ளி வைத்துக்கொள்வார்கள். தலைகீழாக ஒட்டினால் பிடிக்காது.

பசையா தையலா என்று உங்களைக் கேட்டால், கைக்குக் கட்டுப்படியாகுமானால் பசையைத் தேர்ந்தெடுங்கள். நேரமும் வலியும் குறைவு, திரும்பி வருவதும் தையலைவிடச் சற்றுக் குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதன் குறை, முதல் வாரத்தில் ஒட்டு நகரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சொந்த ரத்தத்தில் ஒட்டுவது செலவில்லாதது, ஆனால் பிடிப்பு இன்னும் பலவீனம். தோட்ட வேலைக்கு உடனே திரும்புகிறவர்களுக்கு அது சரிவராது. இவற்றோடு, திரும்பி வந்த சதைக்கு மைட்டோமைசின் என்ற மருந்தையும் சில மருத்துவர்கள் சேர்ப்பார்கள். 0.02 சதவீதக் கரைசலில் பஞ்சை நனைத்து இரண்டு மூன்று நிமிடம் நார்த்திசு எடுத்த இடத்தில் வைத்து, உடனே நிறைய உப்புக்கரைசலால் கழுவிவிடுவார்கள். இது திரும்பி வருவதைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. கூடவே வெள்ளைச் சுவரை மெலியவைக்கும் ஆபத்தும் உண்டு, அது வருடங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். அதனால் அளந்து, ஒட்டால் மூடப்போகும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். வெறுமனே விட்ட இடத்தில் இதை வைப்பதும், வீட்டில் போட்டுக்கொள்ளச் சொட்டாகக் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லாதவை. புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் அவாஸ்டின் ஊசி பற்றியும் கேள்விப்படுவீர்கள். சில ஆய்வுகளில் பலன், சிலவற்றில் இல்லை. அதை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

வெட்டி எடுத்த சதையைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேகமாகத் திரும்பி வளரும் ஒன்று மிக அரிதாகக் கண்மேற்பரப்புப் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். வெள்ளைப் பொருக்கு படிந்தது, பசைபோல வழவழப்பாகத் தெரிவது, ஒரே ஒரு தடித்த ரத்தக்குழாய் போய்ச் சேர்வது ஆகியவை இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். அம்மாவின் குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாளைக்குக் கண் அழுத்தத்துக்கு அறுவை தேவைப்பட்டால் மேல் சவ்வு வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒட்டைக் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுப்பார்கள்.

இரண்டாவது அறுவைக்குப் பின் வரும் மாதங்கள் இப்படிப் போகும். ஒரு நாள் கட்டு. கட்டை அவிழ்த்ததும் ஒட்டு ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் வடியும். முதல் பத்து நாள் கண்ணைத் தேய்ப்பதும் தலைக்கு ஊற்றுவதும் கூடாது, தூங்கும்போது கண்கவசம் வேண்டும். அந்த நாட்களில் ஒட்டின் ஓரம் விலகி வெண்மையான பிறை தெரிந்தாலோ, துண்டு சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். அன்றைக்குக் காட்டினால் திரும்ப ஒட்டிவிடலாம், வாரம் கழித்துக் காட்டினால் முடியாது. இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் சிவப்பாக ஒரு சின்ன முண்டு திடீரென்று முளைத்தால், 'சதை திரும்ப வந்துவிட்டது' என்று பலர் அலறுவார்கள். அது பெரும்பாலும் கிரானுலோமா, காயம் ஆறும்போது வரும் முண்டு. சொட்டு மருந்தில் சுருங்கும், இல்லாவிட்டால் நறுக்கிவிடுவார்கள்.

சொட்டு மருந்தில் ஆன்டிபயாடிக் ஒரு வாரம் பத்து நாள்தான். முக்கியமானது ஸ்டீராய்டுச் சொட்டு. பிரெட்னிசலோன் ஒரு சதவீதம் என்றால் ஆரம்பத்தில் நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, பிறகு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை. கண் வெளுத்துவிட்டது என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவது நான் பார்த்தவரை சதை திரும்பி வருவதற்கு ஒரு சாதாரணக் காரணம், குறிப்பாக ஊர் தூரமாக இருந்து இரண்டாவது புட்டி வாங்க வராதவர்களிடம். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே சொட்டை மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது. சிலருக்கு ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும். வலிக்காது, சிவக்காது, பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் தெரியும். ஸ்டீராய்டு போடும் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து கீழே வர வேண்டியிருந்தாலும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் இதைப் பார்த்துவிடலாம், அறுவை எங்கே செய்திருந்தாலும் சரி.

திரும்பி வருகிறதா என்பதை வீட்டிலேயே கண்காணிக்க ஒரு வழி இருக்கிறது. மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில், அம்மாவை வலது காதுப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கைபேசியில் கண்ணை நெருக்கமாகப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டாவது மாதத்துக்குப் பிறகு படங்களை அடுத்தடுத்து வைத்தால், ஒட்டின் மேல் ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்து இருக்கின்றனவா, மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி விறைப்பாக நேர்கோட்டில் வருகின்றனவா என்று தெரியும். விறைப்பாக வந்து, இடமும் தடித்தால், அது கருவிழியை இன்னும் தொடாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டைக் கூட்டியோ, 5-எஃப்யூ என்ற மருந்தை அந்த இடத்தில் சில தடவை ஊசியாகப் போட்டோ நிறுத்த முடிகிறவர்கள் உண்டு. கருவிழி மேல் ஏறிய பிறகு அந்த ஊசிக்குப் பெரிய வேலை இல்லை. திரும்பி வருபவற்றில் பாதி முதல் நான்கு மாதத்திலும், கிட்டத்தட்ட எல்லாமே ஒரு வருடத்துக்குள்ளும் வந்துவிடுகின்றன என்று ஹர்ஸ்ட் குழு 1994-இல் காட்டியது. அதனால் முதல் ஆறு மாதம் மாதாமாதம், பிறகு ஒன்பதாம் மாதம், ஒரு வருடம் என்று படம் எடுத்தால் போதும்.

இனி கண்ணாடி. அறுவைக்குப் பின் வெயிலைத் தவிர்ப்பது திரும்பி வருவதை எந்த அளவுக்குக் குறைக்கும் என்பதற்கு ஒட்டு முறைக்கு இருப்பதுபோல உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் இடது கண்ணுக்கு வராமல் இருக்கவாவது போட வேண்டும். விலை உயர்ந்த கூலிங் கிளாஸ் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பக்கவாட்டிலும் மூடிய நிறமற்ற பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி நல்லது. அந்தப் பிளாஸ்டிக்கே புற ஊதாக்கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுக்கும், நிறம் இல்லாததால் நிழலில் பழத்தின் நிறமும் சரியாகத் தெரியும், பக்க ஒளியும் மறைந்துவிடும், தூசும் வராது. தெருவோரத்தில் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி, கதிரைத் தடுக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல், பாப்பாவை மட்டும் விரியவைக்கும். தலையில் கட்டும் துண்டு நெற்றிக்கு முன்னால் நீளாது, கண்ணுக்கு நிழல் தராது. களத்து வேலைக்கு மூன்று விரல்கடைக்கு மேல் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். உச்சி வெயிலில் புருவமும் இமையும் கண்ணைக் கொஞ்சம் காப்பாற்றும். சூரியன் தாழ்வாக, முகத்துக்கு நேராகவோ பக்கத்திலோ நிற்கும் காலை எட்டு ஒன்பது மணியும் பிற்பகல் மூன்று மணியும் கண்ணுக்கு அவ்வளவு லேசான நேரம் இல்லை, அப்போதும் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

இடையில் யாராவது நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று சொன்னால் கண்ணில் விடாதீர்கள். கருவிழி மேல் ஏறிய சதையை எந்தச் சொட்டும் கரைக்காது, மருந்துக்கடைச் சொட்டு உட்பட. சிவப்பை உடனே வெளுக்கவைக்கும் சொட்டுகள் ரத்தக்குழாயைச் சில மணி நேரம் சுருக்கும், நிறுத்தியதும் முன்பைவிட அதிகம் சிவக்கும். சுத்தமில்லாத சாறு கருவிழியில் புண்ணை உண்டாக்கினால், காப்பி பறிக்கிறவர் கண்ணில் அது பூஞ்சைப் புண்ணாகவும் ஆகிவிடலாம், அதற்கு வைத்தியம் பார்ப்பது இந்தச் சதையைவிட நூறு மடங்கு கஷ்டம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பழைய சம்மரியோடு போய், எத்தனை மில்லிமீட்டர், சிலிண்டர் பவர் எவ்வளவு, கண் அசைவு சரியா, ஒட்டு எங்கிருந்து எடுப்பீர்கள், மைட்டோமைசின் வைப்பீர்களா என்று கேளுங்கள். திரும்பி வந்த சதைக்கு அவர் எவ்வளவு காலமாக ஒட்டு வைக்கிறார், எத்தனை பேருக்கு மறுபடி வந்தது என்பதையும் தயங்காமல் கேட்கலாம். கருவிழிப் பிரிவில் தனிப்பயிற்சி பெற்றவர் என்றால் இன்னும் நல்லது. 'பத்து நிமிட வேலைதான், ஒட்டெல்லாம் வேண்டாம்' என்று பதில் வந்தால், அங்கே செய்துகொள்ளாதீர்கள்.